மினிமம் டியூ: அதே 5,150-ஐ நான்கு வழிகளில் கட்டிப் பார்த்தால்

கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டில் இரண்டு தொகைகள் பக்கத்து பக்கத்தில் இருக்கும். ஒன்று மொத்த நிலுவை. இன்னொன்று மினிமம் டியூ, அதாவது இந்த மாதம் கட்டாயம் கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகை. மொத்தத்தையும் கட்டக் கையில் பணமில்லாத மாதத்தில் நம் கண் இரண்டாவது தொகைக்குத்தான் போகும். அதைக் கட்டிவிட்டால் தாமதக் கட்டணம் கிடையாது, வசூல் போன் வராது, கடன் வரலாற்றிலும் கறை விழாது. அந்தத் தொகைக்குக் கிடைப்பது இவ்வளவுதான். வட்டி ஓடுவதை அது நிறுத்தாது.

"மினிமம் மட்டும் கட்டாதே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் எதைக் கட்டுவது, எத்தனை மாதம் கட்டுவது, எவ்வளவு வட்டி போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுபவர்கள் குறைவு. போட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். முதல் மாதம் கேட்கப்படும் மினிமம் தொகை அப்படியொன்றும் சின்னத் தொகை இல்லை. அதே தொகையை விடாமல் கட்டினாலே கடன் இரண்டரை வருடத்தில் முடிந்துவிடும். அந்தத் தொகை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போவதில்தான் பொறி இருக்கிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். நிலுவை 1,00,000. வட்டி மாதம் 3 சதவீதம், அதாவது வருடத்துக்கு 36. மினிமம் டியூ என்பது வட்டியும் சேர்ந்த நிலுவையில் 5 சதவீதம். அது 500-க்குக் கீழே போனால் 500. கார்டில் புதிதாக எதுவும் வாங்கவில்லை. வட்டிமேல் வரும் வரியையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம். எந்த நாணயத்தில் படித்தாலும் விகிதம் ஒன்றுதான். உங்கள் கார்டின் சதவீதம் வேறாக இருக்கும். அதை எப்படிப் பொருத்திப் பார்ப்பது என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் மாதம் 3,000 வட்டி ஏறி நிலுவை 1,03,000 ஆகிறது. அதில் 5 சதவீதம் 5,150. இந்தக் கட்டுரை முழுக்க இந்த 5,150-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வரவு செலவில் இதை ஒதுக்க முடிகிறது என்றுதான் கடன்காரர் இதைக் கட்டுகிறார். அதே 5,150-ஐ நான்கு விதமாகக் கட்டினால் என்ன ஆகிறது என்பதுதான் ஒப்பீடு.

முதல் வழி: கேட்டதை மட்டும் கட்டுவது

முதல் மாதம் கட்டிய 5,150-இல் 3,000 வட்டிக்குப் போய்விட்டது. அசலில் கழிந்தது 2,150. மிச்சம் 97,850. இரண்டாம் மாதம் அதற்கு 2,936 வட்டி. கேட்கும் தொகை 5,039. மூன்றாம் மாதம் 4,931 கேட்கும். கட்டியபின் மிச்சம் 93,688. மூன்று மாதத்தில் 15,000-க்கு மேல் கட்டியாகிவிட்டது, கடன் குறைந்தது 6,300 சொச்சம்.

இந்த வரிசையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் நிலுவை 1.03 மடங்காக ஏறி, அதில் 0.95 பங்கு மிஞ்சுகிறது. இரண்டையும் பெருக்கினால் 0.9785. போன மாத நிலுவையை 0.9785-ஆல் பெருக்கினால் இந்த மாத நிலுவை வந்துவிடும். மாதத்துக்கு 2.15 சதவீதம்தான் கடன் கரைகிறது. கட்டும் ஒவ்வொரு தொகையிலும் 58 சதவீதம் வட்டிக்குத்தான் போகிறது. இது முதல் மாதத்துக்கு மட்டுமல்ல, ஐந்தாம் வருடத்திலும் அதே 58 சதவீதம்தான். சாதாரணக் கடன் தவணையில் போகப் போக வட்டிப் பங்கு குறைந்து அசல் பங்கு கூடும் அல்லவா? இங்கே அது நடப்பதே இல்லை. நிலுவை குறையும்போது கட்டும் தொகையும் கூடவே இறங்கிவிடுவதால், குறைந்த வட்டியின் பலன் கடனைக் கரைக்கப் போகாமல் நம் செலவுக்குத் திரும்பி வந்துவிடுகிறது.

ஒரு வருடம் முடியும்போது மொத்தம் 54,992 கட்டியிருப்போம். நிலுவை 77,042. இரண்டு வருட முடிவில் 59,355. கடன் பாதியாகக் குறையவே 32 மாதம் ஆகிறது. ஒன்பதாவது வருட முடிவில், 108 மாதங்கள் கட்டியபின், நிலுவை 9,600-க்குக் கொஞ்சம் கீழே வரும். அப்போதுதான் குறைந்தபட்சம் 500 என்ற விதி கைகொடுக்கும். அந்த விதி இல்லாவிட்டால் சதவீதக் கணக்கில் இந்தக் கடன் பூஜ்ஜியத்தைத் தொடவே தொடாது. அங்கிருந்து மாதம் 500 வீதம் இன்னும் 29 மாதம்.

ஆக மொத்தம் 137 மாதங்கள், 11 வருடம் 5 மாதம். கட்டும் வட்டி 1,31,055. வாங்கிய கடனைவிட வட்டி அதிகம்.

இரண்டாவது வழி: முதல் மாதத் தொகையை அப்படியே நிறுத்திவைப்பது

இங்கே வங்கியிடம் எதுவும் கேட்கவேண்டியதில்லை. புதுக் கடன் இல்லை, விண்ணப்பம் இல்லை, கட்டணம் இல்லை. ஸ்டேட்மென்ட் அடுத்த மாதம் 5,039 கேட்டாலும் 5,150 கட்டுவது. அதற்கடுத்த மாதம் 4,931 கேட்டாலும் 5,150 கட்டுவது. அவ்வளவுதான்.

30 மாதத்தில் கடன் முடிந்துவிடும். 29 மாதம் 5,150, கடைசி மாதம் 2,863. மொத்த வட்டி 52,213.

வட்டி விகிதம் மாறவில்லை, முதல் மாதத் தொகையும் மாறவில்லை. ஆனாலும் வட்டியில் 78,842 மிச்சம், காலத்தில் 107 மாதம் மிச்சம். மினிமம் மட்டும் கட்டுபவருக்கு இதே 30-ஆவது மாதத்தில் இன்னும் 52,098 பாக்கி இருக்கும். அவரிடம் ஸ்டேட்மென்ட் அப்போது கேட்பது மாதம் 2,700-க்கும் குறைவாக. "சுமை பாதியாகிவிட்டதே" என்று நிம்மதியாக இருப்பார். பாதியானது மாதத் தொகைதான். இன்னும் ஒன்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அவர் கட்டவேண்டியிருக்கிறது.

இந்த வித்தியாசத்தை ஏன் பலரும் கவனிப்பதில்லை என்றால், முதல் வருடத்தில் அது கண்ணுக்கே தெரியாது. 12 மாத முடிவில் மினிமம் கட்டியவரின் நிலுவை 77,042; தொகையை நிறுத்திவைத்தவரின் நிலுவை 69,487. வெறும் 7,500 சொச்சம்தான் இடைவெளி. "இதற்காகவா மாதாமாதம் கூடுதலாகக் கட்டினோம்" என்று அலுப்புத் தட்டும் இடம் அதுதான். 24-ஆவது மாதத்தில் பாருங்கள். முதலாமவருக்கு 59,355 பாக்கி. இரண்டாமவருக்கு 25,983. கூடுதலாகக் கட்டிய ஒவ்வொரு தொகையும் அடுத்த மாத வட்டியைக் குறைக்கிறது, அந்தக் குறைவும் அசலுக்கே போகிறது. இது திரண்டு தெரிவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. முதல் வருடத்தில் கைவிடாதவருக்குத்தான் இரண்டாம் வருடம் பலன் தருகிறது.

கொஞ்சம் கூடுதலாக முடிந்தால்? மாதம் 7,500 கட்டினால் 18 மாதம், வட்டி 29,635. மாதம் 10,000 கட்டினால் 13 மாதம் (பதின்மூன்றாவது மாதம் வெறும் 675), வட்டி 20,675. 5,150-இலிருந்து 7,500-க்குப் போவதில் கிடைக்கும் லாபம் பெரியது. அங்கிருந்து 10,000-க்குப் போவதில் கிடைப்பது அதைவிடக் குறைவு. கையை மிகவும் இறுக்கிக்கொண்டு நடுவில் நின்றுபோவதைவிட, விடாமல் கட்டக்கூடிய ஒரு தொகையில் நிற்பது நல்லது என்பேன்.

உங்கள் கார்டுக்குக் கணக்குப் போடுவது

நிலையான தொகை கட்டினால் எத்தனை மாதம் ஆகும் என்பதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. B நிலுவை, r மாத வட்டி, P மாதம் கட்டும் தொகை:

```
n = -ln(1 - r*B/P) / ln(1 + r)
```

லாகரிதம் பிடிக்காதவர்கள் எந்த விரிதாளிலும் இப்படி எழுதலாம்:

```
=NPER(3%, -5150, 100000)
```

29.55 என்று விடை வரும். 29 முழு மாதம், முப்பதாவது மாதம் பாதித் தொகை என்று அர்த்தம். கட்டும் தொகைக்கு முன்னால் கழித்தல் குறி போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் விடை தப்பாக வரும். மொத்த வட்டிக்கு அந்த 29.55-ஐ 5,150-ஆல் பெருக்கி 1,00,000-ஐக் கழித்தால் 52,200-ஐ ஒட்டி வரும். உண்மைத் தொகைக்கு மிக நெருக்கம், முடிவெடுக்க இது போதும்.

`#NUM!` என்று பிழை வந்தால் விரிதாளைக் குறை சொல்லவேண்டாம். நீங்கள் கட்டுவதாகச் சொன்ன தொகை அந்த மாத வட்டிக்கே போதவில்லை என்று அது சொல்கிறது. இந்தக் கடனுக்கு மாதம் 3,000 கட்டினால் ஆயுளுக்கும் 1,00,000 அப்படியே நிற்கும்.

மினிமம் மட்டும் கட்டும் வழிக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது, ஏனென்றால் தொகை மாறிக்கொண்டே இருக்கிறது. அதற்கு விரிதாளில் மாதத்துக்கு ஒரு வரிசை போடவேண்டும். A2-வில் நிலுவை, மற்றவை இப்படி:

```
B2: =A2*0.03
C2: =MIN(A2+B2, MAX(500, (A2+B2)*0.05))
D2: =A2+B2-C2
A3: =D2
```

B வட்டி, C கட்டும் தொகை, D மிச்சம். கீழே இழுத்துக்கொண்டே போனால் D எந்த வரிசையில் பூஜ்ஜியமாகிறதோ அதுவரை உள்ள மாதங்களே விடை. B நிரலைக் கூட்டினால் மொத்த வட்டி. இந்த நாலு வரிக்கு ஐந்து நிமிடம் ஆகாது. 0.03, 0.05, 500 மூன்றையும் உங்கள் கார்டின் கட்டண அட்டவணையில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

விரிதாள்கூட வேண்டாம் என்றால் கைப்பேசிக் கால்குலேட்டரில் ஒரே ஒரு பெருக்கல் போதும். மாத வட்டியோடு 1-ஐக் கூட்டுங்கள், 1-இலிருந்து மினிமம் பங்கைக் கழியுங்கள், இரண்டையும் பெருக்குங்கள். நம் கணக்கில் அது 1.03 × 0.95 = 0.9785. விடை 1-ஐ எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு ஆபத்து. வட்டி 2 சதவீதமாக இருந்தால் 0.969 வரும், கடன் பாதியாக 22 மாதம். வட்டி 3.5 ஆனால் 0.98325, பாதியாக 41 மாதம். வட்டி 3-ஆகவே இருந்து மினிமம் 3 சதவீதமாகக் குறைந்தால் 0.9991, பாதியாக 64 வருடம். வட்டி 3.5, மினிமம் 3 என்றால் பெருக்கல் 1-ஐத் தாண்டிவிடும். ஒழுங்காகக் கட்டக் கட்டக் கடன் வளரும். எனவே ஒரு கார்டு நிறுவனம் மினிமம் சதவீதத்தைக் குறைத்து "சுமையைக் குறைத்துவிட்டோம்" என்று சொன்னால், உடனே இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். சில இடங்களில் மினிமம் என்பது அந்த மாத வட்டியோடு அசலில் 1 சதவீதம் என்று இருக்கும். அங்கே கடன் வளராது, ஆனால் வட்டி எதுவானாலும் அசல் பாதியாக 69 மாதம் ஆகும்.

வட்டிமேல் வரி இருந்தால் r-ஐக் கூட்டிக்கொள்ளவேண்டும். 3 சதவீத வட்டிமேல் 10 சதவீத வரி என்றால் r 3.3 சதவீதம். இதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் கடைசி சில மாதங்கள் எதிர்பாராமல் நீளும்.

மூன்றாவது வழி: வேறு கார்டுக்கு மாற்றுவது

பேலன்ஸ் டிரான்ஸ்பர் என்று சொல்வார்கள். புதுக் கார்டு பழைய கார்டின் நிலுவையை அடைத்துவிடும். குறிப்பிட்ட மாதங்களுக்கு வட்டி பூஜ்ஜியம் அல்லது மிகக் குறைவு. அதற்கு முன்கூட்டியே ஒரு கட்டணம் உண்டு. 3 சதவீதக் கட்டணம், 6 மாதம் வட்டியில்லை என்று வைத்துக்கொள்வோம். கடன் 1,03,000 ஆகிறது. மாதம் 5,150 வீதம் 6 மாதத்தில் 30,900 கழிந்து 72,100 மிஞ்சுகிறது. அதன்பின் பழையபடி 3 சதவீதம். இன்னும் 19 மாதம் கட்டவேண்டும். மொத்தம் 25 மாதம், கட்டணமும் வட்டியும் சேர்ந்து 25,826.

வட்டியில்லாத காலம் 12 மாதம் என்றால் கதை மாறிவிடும். 22 மாதத்தில் முடியும், மொத்தச் செலவு 9,630-தான். ஆகவே விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் பூஜ்ஜியத்தைவிட, அது எத்தனை மாதம் என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். நிலுவையோடு கட்டணத்தைக் கூட்டி அந்த மாதங்களால் வகுத்தால், சலுகைக் காலத்துக்குள்ளேயே முடிக்க மாதம் எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துவிடும். 6 மாதம் என்றால் 17,167, 12 மாதம் என்றால் 8,583. அந்தத் தொகை கைக்கு எட்டுமா என்று யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இதில் தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். சலுகைக் காலத்தில் ஒரு தவணை தாமதமானால் சலுகை வட்டியே ரத்தாகலாம் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். அப்புறம், அந்தப் புதுக் கார்டில் பொருள் வாங்கினால் அதற்குச் சலுகை வட்டி பொருந்தாது. வழக்கமான வட்டி ஏறும். மாற்றிய கார்டைக் கடன் அடைக்க மட்டும் வைத்துக்கொண்டு, வாங்குவதற்கு எடுக்காமல் இருப்பதே சரி.

நான்காவது வழி: குறைந்த வட்டித் தவணைக் கடன்

பெர்சனல் லோன் எடுத்துக் கார்டை அடைப்பது, அல்லது கார்டு நிலுவையையே மாதத் தவணையாக மாற்றிக்கொள்வது. மாதம் 1.5 சதவீதம், குறையும் நிலுவைக்கு வட்டி, 24 மாதம் என்றால் தவணை 4,992. நம்முடைய 5,150-ஐவிடக் கொஞ்சம் குறைவுதான். மொத்த வட்டி 19,818. 2 சதவீதம் பிராசசிங் கட்டணம் இருந்தால் 2,000 சேர்த்து 21,818.

தொகையை நிறுத்திவைக்கும் இரண்டாவது வழியைவிட 30,000-க்கு மேல் மிச்சம். வங்கியே ஒப்பந்தம் போட்டுத் தவணையை நிறுத்திவைத்துவிடுவதால் மனம் மாறவும் வழியில்லை. இதனால்தான், கடன் கிடைக்கும் நிலையில் இருப்பவருக்கு நான் இந்த வழியையே முதலில் பார்க்கச் சொல்வேன்.

ஆனால் "மாதம் 1.5 சதவீதம்" என்று வாயால் சொல்வதை நம்பி எடுக்கவேண்டாம். அது குறையும் நிலுவைக்கா, முழு அசலுக்கும் கடைசிவரை ஒரே வட்டியா என்று கேட்கவேண்டும். பின்னதை பிளாட் வட்டி என்பார்கள். பிளாட் என்றால் வட்டி 24 × 1,500 = 36,000. தவணை 5,667. பாதி அசலைத் திருப்பிக் கட்டியபிறகும் முழு அசலுக்கு வட்டி வாங்குகிறார்கள் என்பதால், உண்மை வட்டி மாதம் 2.6 சதவீதம் ஆகிவிடுகிறது. கார்டின் 3 சதவீதத்துக்கும் இதற்கும் பெரிய இடைவெளி இல்லை. வாய்ச் சொல்லை விட்டுவிட்டுத் தவணைத் தொகையை வைத்தே சரிபார்க்கலாம்:

```
=RATE(24, -5667, 100000)
```

இன்னொரு சின்ன விஷயம். பிராசசிங் கட்டணத்தைக் கடன் தொகையிலேயே பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது 98,000-தான். கார்டில் 2,000 பாக்கி நின்றுவிடும். "கார்டு முடிந்தது" என்று ஸ்டேட்மென்ட்டைப் பார்க்காமல் விட்டவருக்கு அந்த 2,000-மேல் வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியைக் கையிலிருந்து உடனே அடைத்துவிடுங்கள்.

கார்டு நிலுவையையே தவணையாக மாற்றினால், பல கார்டுகளில் அந்தத் தவணை முழுவதும் மினிமம் டியூவோடு சேர்ந்து வரும். 4,992 கட்டத் தவறினால் மினிமம் கட்டத் தவறியதாகவே கணக்கு. முன்கூட்டியே முடித்தால் கட்டணம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்:

| வழி | மாதங்கள் | வட்டியும் கட்டணமும் |
|---|---|---|
| மினிமம் மட்டும் | 137 | 1,31,055 |
| 5,150 நிலையாக | 30 | 52,213 |
| கார்டு மாற்றம், 6 மாதச் சலுகை | 25 | 25,826 |
| தவணைக் கடன், 1.5 சதவீதம் | 24 | 21,818 |

இதை வைத்து ஒரேயடியாக "கடைசி வரிசைதான் எல்லோருக்கும்" என்று சொல்லிவிட முடியாது. குறைந்த வட்டிக் கடன் எல்லோருக்கும் கிடைக்காது. கார்டு நிலுவை ஏறிக்கிடக்கும் நேரத்தில்தான் கடன் மதிப்பெண்ணும் கொஞ்சம் இறங்கியிருக்கும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலோ, அதிக வட்டியில் கிடைத்தாலோ இரண்டாவது வழி எப்போதும் கையில் இருக்கிறது. அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், இன்றைக்கே தொடங்கலாம். இரண்டாவது வழியில் சில மாதம் ஒழுங்காகக் கட்டி நிலுவையைக் குறைத்துவிட்டு, பிறகு கடனுக்கு விண்ணப்பிப்பதும் உண்டு.

வருமானம் ஏறி இறங்குபவர்களுக்குத் தவணைக் கடனில் ஒரு சிரமம் இருக்கிறது. வேலை குறைந்த மாதத்திலும் 4,992 கட்டியே ஆகவேண்டும். கார்டில் அப்படியொரு மாதம் வந்தால் மினிமத்துக்கு இறங்கிவிட்டு, அடுத்த மாதம் மறுபடி 5,150-க்கோ அதற்கு மேலோ போகலாம். மினிமம் டியூவுக்கு உள்ள நியாயமான பயன்பாடு அதுதான்: எப்போதாவது ஒரு மாதத்துக்கான மூச்சுவிடும் இடம்.

நான்காவது வழியை எடுப்பவர் ஒன்றைக் கட்டாயம் யோசிக்கவேண்டும். கடன் எடுத்துக் கார்டை அடைத்த அன்றே கார்டின் முழு வரம்பும் மறுபடி திறந்துவிடும். ஆறு மாதத்தில் கார்டில் மீண்டும் 60,000 ஏறினால், தவணை ஒருபக்கம் ஓட, கார்டு வட்டி இன்னொருபக்கம் ஓடும். வரம்பைக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுக்கலாம். கடன் கைக்கு வரும் அதே வாரத்தில் இதைச் செய்துவிடுவது நல்லது.

சேமிப்பு இருப்பவர்களுக்கும் ஒரு கணக்கு. அவசரத்துக்கென்று வைத்தது போக 40,000 சேமிப்பில் இருந்து, அதற்கு வருடம் சில சதவீத வட்டிதான் வருகிறது என்றால், அதைக் கார்டில் போட்டுவிட்டு மிச்சம் 60,000-க்கு மாதம் 5,150 கட்டிப் பாருங்கள். 15 மாதத்தில் முடியும், வட்டி 14,944. வெறும் 5,150 கட்டிய வழியைவிட 37,000-க்கு மேல் மிச்சம். சேமிப்பைத் தொட மனம் வராதது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒருபக்கம் வருடத்துக்கு 36 சதவீதம் கொடுத்துக்கொண்டு இன்னொருபக்கம் அதில் சிறு பங்கை வட்டியாக வாங்கும்போது, அந்தச் சேமிப்பு மாதாமாதம் கரைந்துகொண்டுதான் இருக்கிறது.

எந்த வழியானாலும் கார்டில் நிலுவை இருக்கும்வரை அதில் புதிதாக எதையும் வாங்காமல் இருப்பது கணக்கின் அடித்தளம். முழுத் தொகையும் கட்டுபவருக்குத்தான் வட்டியில்லா நாட்கள் உண்டு. பாக்கி வைத்தவர் இன்று வாங்கும் பொருளுக்கு இன்றிலிருந்தே வட்டி ஏறும். நம் கணக்கில் முதல் மாதம் அசல் 2,150 குறைந்தது அல்லவா? மினிமம் கட்டிக்கொண்டே மாதம் 2,150-க்குப் பொருள் வாங்கினால் நிலுவை 1,00,000-ஐ விட்டு அசையாது. "கட்டிக்கொண்டேதானே இருக்கிறேன், ஏன் குறையவில்லை" என்று கேட்பவர்களின் ஸ்டேட்மென்ட்டில் பெரும்பாலும் இந்தச் சின்னச் சின்ன வாங்கல்கள்தான் இருக்கும். மாதச் சந்தாக்கள் ஏதாவது அந்தக் கார்டில் தானாகப் பிடிக்கப்படுகின்றனவா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

கட்டும் முறையையும் ஒழுங்கு செய்துகொள்ளவேண்டும். ஆட்டோ பேயில் நாமே தொகை குறிப்பிட முடிந்தால் 5,150 என்று போட்டுவிடலாம். சில வங்கிகள் "மினிமம்" அல்லது "முழுத் தொகை" என்று இரண்டு தேர்வுதான் தரும். அங்கே மறதிக்குப் பாதுகாப்பாக மினிமத்தை ஆட்டோ பேயில் வைத்துவிட்டு, மிச்சத்தைச் சம்பளம் வந்த மறுநாளே தனியாகக் கட்டலாம். ஸ்டேட்மென்ட் மினிமம் 4,500 கேட்டால் மிச்சம் 650, அதை விட்டுவிடக்கூடாது. கெடு தேதிவரை காத்திருக்கத் தேவையில்லை, ஏனென்றால் வட்டி நாள் கணக்கில் ஓடுகிறது. 1,00,000-க்கு ஒரு நாள் வட்டி ஏறக்குறைய 99. 5,150-ஐ 20 நாள் முன்னால் கட்டினால் 100-ஐ ஒட்டி மிச்சம்.

கடைசி மாதத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஸ்டேட்மென்ட்டில் போட்டிருக்கும் மிச்சத்தை முழுசாகக் கட்டியபிறகும் அடுத்த மாதம் ஒரு சிறு தொகை வரும். ஸ்டேட்மென்ட் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடையில் ஓடிய வட்டி அது. சிலர் தப்பு என்று நினைத்தோ, கடன் முடிந்துவிட்டது என்று பார்க்காமலோ விட்டு, அதற்குத் தாமதக் கட்டணம் வாங்கிக்கொள்கிறார்கள். கட்டும் நாளில் வங்கியைக் கூப்பிட்டு அன்றைய தேதிக்கு முழுதாக முடிக்க எவ்வளவு என்று கேட்டு அந்தத் தொகையைக் கட்டலாம். அல்லது அந்தச் சிறு தொகை வரும்வரை ஆட்டோ பேயை எடுக்காமல் இருக்கலாம். பூஜ்ஜியம் என்று ஒரு ஸ்டேட்மென்ட் வந்தபிறகு, அடுத்ததும் பூஜ்ஜியமாக வருகிறதா என்று பார்த்துவிட்டு ஆட்டோ பேயை "முழுத் தொகை" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.